சிவப்புத்தாள் செடி நீண்டது நிறத்தாலா, வெளிச்சக் குறைவாலா?

எட்டாம் வகுப்பு மாணவியின் அறிவியல் கண்காட்சி அறிக்கையைச் சரிபார்க்கிறேன், ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறது. சிவப்பு, நீலம், நிறமற்ற கண்ணாடித்தாள் மூடிய மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 5 பயறு நாற்றுகள், 10 நாள். மண், தண்ணீர், ஜன்னல் எல்லாம் ஒன்றே. "எந்த நிறம் நல்லது?" என்ற கேள்வியை "எந்த நிறத்தில் தண்டு அதிகம் நீளும்?" என்று மாற்றவைத்தேன். இப்போது அளக்கலாம்.

சிவப்பில் சராசரி 14 செ.மீ., நிறமற்றதில் 9. "சிவப்பே வளர்ச்சிக்குச் சிறந்தது" என்று எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த இலைகள் சிறுத்து, வெளிறி இருக்கின்றன; வெளிச்சம் போதாத செடியும் இப்படித்தான் நீளும். நிறத்தாள் வெளிச்சத்தையும் குறைக்கிறதே! நிறமற்ற பெட்டிமேல் வெள்ளைத்தாள் அடுக்கி, கைபேசி லக்ஸ் செயலியில் சமன்செய்து பார்த்தோம். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு என்பதால் நிறங்களை ஒப்பிட அதை நம்ப முடியவில்லை.

சமர்ப்பிக்க 14 நாள் இருக்கிறது. விலையுயர்ந்த கருவி இல்லாமல், மூன்று பெட்டிகளிலும் செடிக்குக் கிடைக்கும் ஒளியின் அளவை எப்படிச் சமன்செய்வது?