நிரவல் கன அளவு: சரியா வருமா?

முத்து: நம்ம சமூகத் தோட்டக் கையேட்டுக்கு ஒரு சொல் வேணும். ஒரு நிலத்துல மூடாக்கோ மேல்மண்ணோ இவ்வளவு உயரத்துக்குப் போட எத்தனை கன மீட்டர் வாங்கணும்ங்கிற அளவுக்கு. ‘பரப்பு அளவு’ன்னு போட்டா பரப்பளவுன்னு படிச்சிடுவாங்க, அதனால ‘நிரவல் கன அளவு’ன்னு வைக்கலாமா?

காதர்: நல்ல சொல் தம்பி. கணக்கும் சுலபம், நீளம் அகலம் உயரம் பெருக்குனா முடிஞ்சது. 40க்கு 15 மீட்டர் திடல்னா 600 சதுர மீட்டர், 5 சென்டிமீட்டர்ங்கிறது 0.05 மீட்டர், ஆக 30 கன மீட்டர்.

செல்வி: காதர் அண்ணே, பெருக்கல் சரிதான், ஆனா அந்த 30 எந்த 30? லாரியில வர்ற மண்ணு உதிரியா இருக்கும், நிரவி நாலு மழை அடிச்சா அமுங்கிடும், அமுங்குன பிறகும் 5 சென்டிமீட்டர் நிக்கணும்னா கூட வாங்கணும். எவ்வளவு கூடன்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடலாம். நேரா நிக்கிற வாளியில அதே மண்ணை 20 சென்டிமீட்டர் கொட்டி, தண்ணி ஊத்தி வடிய விட்டு, மறுநாள் அளந்து பாருங்க. 16தான் இருக்குன்னா அஞ்சுல ஒரு பங்கு போயிடுச்சு. வாளி சொல்றது தோராயம்தான், மேல ஆளு நடந்தா இன்னும் இறங்கும்.

காதர்: அப்ப 30ஓட அஞ்சுல ஒண்ணு, 6 சேத்து 36, சரியா?

செல்வி: பத்தாதுண்ணே. அந்த 36லயும் அஞ்சுல ஒரு பங்கு அமுங்குமே, 28.8தான் மிஞ்சும். 30ஐ 0.8ஆல வகுக்கணும், 37.5 வரும். அதனாலதான் சொல்றேன், ‘உதிரிக் கன அளவு’, ‘அமுங்கிய கன அளவு’ன்னு ரெண்டு சொல்லு வேணும், ஆர்டர் கொடுக்குறப்ப உதிரியைத்தான் சொல்லணும்.

மாலா: எனக்குத் திடல் எல்லாம் இல்லங்க, வாடகைக்கு எடுத்த பாத்தி 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், கடையில மூட்டையில லிட்டர்னு போட்டிருக்கு, கன மீட்டரை வச்சு நான் என்ன செய்ய? எவ்வளவு கனமா போடணும்?

செல்வி: ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் உயரம்னா சரியா 1 லிட்டர் மாலா. உங்களுக்கு 2.5 சதுர மீட்டர், 50 மில்லிமீட்டர், ஆக 125 லிட்டர், அமுங்குறதுக்குக் கொஞ்சம் கூட எடுத்துக்கோங்க. மரச்சில்லுன்னா தண்டை ஒட்டிக் குவிக்காதீங்க, ஈரம் நின்னு தண்டு அழுகும். போட்ட பிறகு குச்சியைப் பழைய மண்ணு தட்டுற வரைக்கும் நாலஞ்சு இடத்துல குத்தி அளந்து பாருங்க, நடுவுல மேடாவும் ஓரத்துல மெலிசாவும்தான் பெரும்பாலும் இருக்கும்.

முத்து: மாலாக்கா ‘கனமா’ன்னு கேட்டாங்க பாருங்க, அங்க கனம்னா தடிமன், கன அளவுல வேற அர்த்தம், ஒரே வரியில ரெண்டும் வந்தா குழப்பும். உயரத்துக்குப் ‘படுகைத் தடிப்பு’ன்னு வைக்கலாம்னு தோணுது.

காதர்: படுகைன்னா எனக்கு ஆத்துப் படுகைதான் ஞாபகம் வருது. வெறும் ‘தடிப்பு’ போதும். அப்புறம் மூடாக்கை யாரும் நிரவ மாட்டாங்க, மண்ணைத்தான் நிரவுவாங்க, மூடாக்கைப் பரப்புவாங்க.

முத்து: அது நியாயம்தான். உதிரி, அமுங்கிய ரெண்டையும் கையேட்டுல ஏத்திடுறேன், ‘நிரவல்’ மட்டும் அடுத்த வாரம் வரைக்கும் திறந்தே இருக்கட்டும்.