போண்டாவுக்கு வாங்கிய கிழங்கு பசையாகிப் போன கதை

மல்லிகா, திருச்சி:
போன ஞாயிறு வீட்டில் 15 பேர். போண்டாவுக்கு இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வாங்கினேன். மெல்லிய தோல், வழவழவென்று பார்க்கவே அழகு. மூன்று விசில் விட்டும் மசியவில்லை, கட்டி கட்டியாக நின்றது. பொறுமை போய் மிக்சியில் ஒரு சுற்று விட்டேன். பசையாகிவிட்டது, போஸ்டர் ஒட்டலாம். மிச்சக் கிழங்கில் மறுநாள் குருமா வைத்தேன். அதில் ஒரு துண்டுகூடக் கரையவில்லை! எங்கே தப்பு?

மெஸ்காரர், ஈரோடு:
கிழங்கு கெட்டதில்லைம்மா, வேலைக்குத்தான் பொருந்தவில்லை. உங்களுக்கு வந்தது கெட்டிக் கிழங்கு. குருமாவுக்கு அதுதான் வேண்டும். போண்டாவுக்கு மாவுக் கிழங்கு. மிக்சியில் போட்டால் எந்தக் கிழங்கும் பசைதான், உள்ளே இருக்கும் மாவெல்லாம் கிழிபட்டு வெளியே வந்துவிடும்.

நான் சோதிப்பது இப்படி: 11 டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளர் தூள் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுவேன். மாவுக் கிழங்கு கனம், மூழ்கும். கெட்டிக் கிழங்கு மிதக்கும். ஒரே மூட்டையிலேயே இரண்டும் கிடக்கும்.

கோவை செல்வி:
இவ்வளவு எதற்கு? ஊட்டிக் கிழங்கு என்று கேட்டு வாங்குங்கள், எல்லாமே மாவுதான்.

மெஸ்காரர், ஈரோடு:
அப்படிச் சொல்ல முடியாது, தங்கச்சி. ரகமும் முற்றலும்தான் கணக்கு. அதே ரகத்தை இளசாகத் தோண்டினால் மாவு குறைவாகவே இருக்கும். செம்மண் ஒட்டியிருப்பதை வைத்து ஊட்டி என்று நம்பவும் வேண்டாம். சமவெளிக் கிழங்கில் மண்ணைப் பூசி விற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ரமேஷ், ஓசூர்:
எனக்கும் இதே தொல்லை. சிப்ஸ் போட்டால் வேகுமுன் கருத்துவிடுகிறது. மாவுக் கிழங்குதான் வாங்கினேன்.

மெஸ்காரர், ஈரோடு:
தம்பி, உங்கள் கதை வேறு. குளிர்கிடங்கில் இருந்த கிழங்காக இருக்கும். அந்தக் குளிரில் மாவு சர்க்கரையாக மாறும், எண்ணெயில் விழுந்ததும் கருக்கும். வீட்டில் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதேதான். இரண்டு வாரம் வெளியே நிழலில் போட்டு வையுங்கள், ஓரளவு தேறும். நெடுநாள் கிடங்கில் கிடந்தது முழுக்கத் தேறாது.

சுபா, லண்டன்:
இங்கே ரகப் பெயரை எழுதியே விற்கிறார்கள். குழம்புக்கு சார்லட், வறுக்கவும் மசிக்கவும் மாரிஸ் பைப்பர். ஒருமுறை மாற்றிப் போட்டு மாரிஸ் பைப்பரில் சாம்பார் வைத்தேன், கிழங்கைத் தேட வேண்டியதாயிற்று. அப்புறம் ஒன்று, புளியைக் கிழங்கு வேகுமுன் ஊற்றினால் எந்தக் கிழங்கும் லேசில் வேகாது.

மல்லிகா, திருச்சி:
அண்ணா, சோதித்துப் பார்த்தேன். முதலில் கல் உப்பைப் போட்டுவிட்டேன், ஏழு கிழங்கும் மூழ்கின. கல் உப்பில் இடைவெளி அதிகம், டம்ளருக்கு எடை குறையும் என்று பிறகுதான் உறைத்தது. தூள் உப்பில் இரண்டு மூழ்கின, ஐந்து மிதந்தன. மூழ்கிய இரண்டையும் வேகவைத்து, தண்ணீரை வடித்து, ஆவி போகவிட்டு மசித்தேன். கரண்டி பட்டதும் உதிர்ந்தது. மிதந்ததில் ஒன்று மட்டும் நன்றாகவே மசிந்தது, அது ஏன்?

மெஸ்காரர், ஈரோடு:
எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. அறுத்துப் பார்த்தீர்களா? நடுவில் பொந்து இருந்தால் மாவுக் கிழங்கும் மிதக்கும்.

மல்லிகா, திருச்சி:
அறுக்கவில்லையே அண்ணா, அப்படியே மசித்துவிட்டேன்.