தானாக வரும் எண்ணுக்கு ஒரு சொல்: நிரப்பலா, முளைப்பா?

பொள்ளாச்சியிலிருந்து:

பெரும்பாலும் சுழிகளே உள்ள அருகிய அணியைக் காரணிப்படுத்தும்போது, சுழியாக இருந்த இடத்தில் கணக்கின் போக்கில் புதிதாக ஓர் எண் தோன்றுவதை "நிரப்பல்" என்று எழுதி வருகிறோம். யாரோ வேண்டுமென்றே நிரப்புகிறார்கள் என்ற பொருளை அச்சொல் தருகிறது. விதைக்காத சாலில் பயிர் எழுவதைப் போல அது தானாக வருவதால், "முளைப்பு" என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து:

தனிச்சொல் தேவைதானா, அம்மா? வரிசையை மாற்றி, எண்களை மூலைவிட்டத்தை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் கொண்டுவந்தால் சிக்கல் தீர்ந்துவிடும். அதைப் "பட்டைக் குறுக்கம்" என்றாலே போதும்.

பொள்ளாச்சியிலிருந்து:

பட்டைக்கு வெளியே எதுவும் முளைக்காது என்பது வரை தாங்கள் சொல்வது சரி, ஐயா. ஆனால் ஒரு துணைமின் நிலையமும் அதிலிருந்து மட்டுமே மின்சாரம் பெறும் நான்கு விசைத்தறிக் கூடங்களும் உள்ள வலையை எண்ணிப் பாருங்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு கணு; அணியில் கணுவுக்கு ஒரு நிரையும் நிரலும், இணைப்புக்குச் சுழியல்லாத உறுப்பும் அமையும். ஒரு கணுவை நீக்கினால், மீதமுள்ள அதன் அண்டைக் கணுக்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்துவிடும். நிலையத்தை முதலில் நீக்கினால் நான்கு கூடங்களுக்கிடையே 6 புதிய இணைப்புகள் உண்டாகி, 5×5 அணி முழுவதும் நிறைந்துவிடும். நிலையத்தை நடுவில் வைத்தால் பட்டை மிகவும் குறுகும், ஆயினும் ஓர் இணைப்பு முளைக்கும். கடைசியில் வைத்தால் பட்டை அகலமாகவே இருந்தாலும் ஒன்றுகூட முளைக்காது. மின்வலைக் கணக்குகளில் அண்டைகள் குறைந்த கணுவை முதலில் நீக்கும் முறையை டின்னியும் வாக்கரும் 1967இல் எழுதினார்கள். அது பெரும்பாலும் நல்ல வரிசையைத் தரும். மிகக் குறைந்த முளைப்பைத் தரும் என்ற உறுதி இல்லை.

பீளமேட்டிலிருந்து:

சொல்லைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. எங்கள் பம்பு உடலின் தகைவுக் கணக்கு, செயலி முதலில் கணித்துச் சொன்ன நினைவக அளவுக்குள் முடிந்து வந்தது. இரு பாகங்கள் தொடும் இடத்தில் லெக்ராஞ்சிப் பெருக்கிகளைக் கொண்டு கட்டுப்பாடு சேர்த்த பிறகு அந்த அளவைத் தாண்டி நின்றுவிடுகிறது. அணி இன்னும் சமச்சீராகத்தான் இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

சமச்சீர் மட்டும் போதாது. நேர்நிச்சயமான அணியில் எந்த மூலைவிட்ட உறுப்பை எப்போது எடுத்தாலும் அது நேர்மமாகவே இருக்கும் என்பதால், எண்களைப் பாராமல் அமைப்பை மட்டும் பார்த்து வரிசையை முடிவு செய்து, முளைப்பையும் முன்கூட்டியே எண்ணிவிடலாம். பெருக்கிகள் மூலைவிட்டத்தில் சுழிகளைக் கொண்டுவந்து அந்தப் பண்பைக் குலைத்துவிடுகின்றன. செயலி பாதிவழியில் வரிசையை மாற்ற நேர்வதால்தான் முன்கணிப்பு பொய்க்கிறது. அதே அணியை, நேர்நிச்சயமான அணிகளுக்கே உரிய சோலெஸ்கி முறைக்குக் கொடுத்துப் பாருங்கள். நேர்மமல்லாத உறுப்பு வந்ததென்று அது நின்றால், காரணம் இதுவேதான்.

ஈரோட்டிலிருந்து:

பட்டை பற்றிய என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் புதிய எண் தோன்றவேண்டிய இடத்தில் மதிப்பு கழிபட்டுத் தற்செயலாகச் சுழியானால், அதையும் முளைப்பு என்பதா?

பொள்ளாச்சியிலிருந்து:

செயலி அதற்கும் இடம் ஒதுக்கிவிடுகிறது. எனவே இடத்துக்கு "முளைப்பிடம்", வந்த எண்ணுக்கு "முளைப்பு" எனப் பிரிக்கலாமோ என்று நினைக்கிறேன். இரண்டு சொற்கள் மிகையென்று கருதுவோர் எழுதுங்கள்.