புதுப்பிப்பு: குழந்தைக் குளியல் தொட்டியும் மாடித் தொட்டியின் வெந்நீரும்

“நான்கு மாதக் குழந்தைக்குக் குளியலறையில் தொட்டி வைக்கிறோம், தண்ணீர் எவ்வளவு சூடு இருக்கலாம், துணி மாற்றும் பலகை எங்கே வேண்டும்?” (சித்திரையில் நான் கேட்டது)

செவிலியராகப் பணியாற்றும் அக்கா சொன்னபடி முதலில் குளிர்ந்த நீரையும் பிறகு வெந்நீரையும் ஊற்றிக் கையால் நன்றாகக் கலக்கி வெப்பமானி வைத்தபோது, 37 இருக்க வேண்டிய இடத்தில் 41 டிகிரி காட்டியது. கும்பகோணத்து வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் ‘குளிர்ந்த’ குழாயே சுட்டதுதான் காரணம். இப்போது காலையிலேயே வாளியில் பிடித்து வைத்துவிடுகிறோம். தொட்டியில் நான்கு விரல் ஆழத்துக்கு மேல் நிரப்புவதில்லை.

முழங்கையே போதும் என்ற மாமியார் பாதி சரிதான்: உள்ளங்கையைவிட அது நன்றாக உணரும், ஆனால் 41ஐ அவரும் “இதமான சூடு” என்றே சொன்னார்.

எண்ணெய்க் குளியலன்று டைல்ஸ் தரை வழுக்கியதால், உறிஞ்சுப் பிடிப்புள்ள ரப்பர் விரிப்பைப் போட்டு, குளியல் முடிந்ததும் அதைத் தூக்கிக் காயவைக்கிறோம்.

பலகையாகக் கடப்பா கல்லைப் பதிக்கச் சொன்ன அண்ணன் தன் வீட்டுச் சமையல் மேடையை நினைத்துச் சொல்லியிருக்கிறார். ஈரமானால் அது வழுக்கும். நான்கு விரல் உயர விளிம்புள்ள மரப்பலகையை, நீர் தெறிக்காத சுவரில், இடுப்பு உயரத்தில் பொருத்தினோம். துண்டும் துணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், குழந்தைமேல் வைத்த கையை எடுக்க நேர்வதில்லை.

தொட்டியைத் தரையில் வைப்பதா, முக்காலியிலா என்பதில் வீட்டில் இன்னும் வாக்குவாதம்தான். நான் தரையின் பக்கம்.