கீசர் லைனுக்கு எந்தக் குழாய்? ஜிஐயா, சிபிவிசியா, பிபிஆரா?

ஈரச்சுவர்:
வீட்டில் இருக்கும் பழைய ஜிஐ லைன் அடைத்துப்போய்விட்டது, மொத்தமாக மாற்றப்போகிறேன். மொட்டைமாடித் தொட்டி, 25 லிட்டர் கீசர், பிரஷர் பம்ப் கிடையாது. ஒரு பிளம்பர் பச்சைத் தண்ணீருக்கு யுபிவிசி, வெந்நீருக்கு சிபிவிசி போடலாம் என்கிறார். இன்னொருவர் வெந்நீருக்கு ஜிஐ தவிர எதுவும் நிற்காது, பிளாஸ்டிக் இளகிவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?

பழையகுழாய்:
இரண்டாவது பிளம்பர் சொன்னதைக் கேளுங்கள். இரும்பு இளகாது, எலி கடிக்காது, வெயிலில் வெளுக்காது, ஆணி அடிக்கும்போது தெரியாமல் பட்டாலும் ஓட்டை விழாது. சி கிளாஸ் ஜிஐ வாங்கி, மரையில் சணல் சுற்றிப் பெயிண்ட் தடவி இறுக்கினால் நம் காலத்துக்கும் போதும். பிளாஸ்டிக்கில் பசை போட்டு ஒட்டிய ஜாயிண்டை நம்பி வெந்நீர் விடுவதற்கு எனக்கு மனம் வராது.

சொட்டுநீர்:
பிளாஸ்டிக் இளகும் என்பதெல்லாம் சும்மா. எங்கள் சமையலறை சிங்கில் தினமும் கொதிநீரைக் கொட்டுகிறோம், கீழே போவது யுபிவிசிதான், பல வருஷமாகிறது, ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் யுபிவிசியே போட்டுவிடுங்கள்.

நீர்மட்டம்:
சொட்டுநீர், நீங்கள் சொல்வது கழிவுநீர்க் குழாய், அவர் கேட்பது வேறு. சிங்கில் கொட்டும் கொதிநீர் சில நொடிகளில் ஓடிவிடும், குழாயும் பாதி காலியாகவே இருக்கும், உள்ளே அழுத்தம் என்று எதுவும் இல்லை. கீசர் லைனில் சூடான தண்ணீர் மணிக்கணக்கில் அழுத்தத்தோடு நிற்கும். யுபிவிசிக்கு அதுதான் ஆகாது. 43 டிகிரிக்கு வரும்போதே அது தாங்கும் அழுத்தம் பாதியாகிவிடும், 60 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். கீசரின் தெர்மோஸ்டாட் சாதாரணமாக 60க்கு மேல்தான் நிற்கும். சிபிவிசியில் கனமான வகை, அதாவது எஸ்டிஆர் 11, 82 டிகிரியிலும் ஏறக்குறைய 7 பார் தாங்கும். மாடித் தொட்டி 5 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் குழாயில் வருவது அரை பார்தான். அதனால் கீசரிலிருந்து குளியலறைக் குழாய் வரை சிபிவிசி தாராளமாகப் போதும்.

பழையகுழாய் அண்ணா, இரும்பு இளகாது என்பது சரிதான். ஆனால் ஜிஐயில் நாம் நம்புவது இரும்பை இல்லை, மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சை. மரை வெட்டும்போதே அந்தப் பூச்சு போய்விடுகிறது, அதனால் துரு எப்போதும் ஜாயிண்டில்தான் ஆரம்பிக்கும். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டினால், சில வகைத் தண்ணீரில் துத்தநாகம் இரும்பைக் காப்பாற்றாது, நேர்மாறாக அதுவே இரும்பை அரிக்க வைக்கும். கடினநீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து வந்து துருவின் மேல் படியும், அதனால் வெந்நீர் லைன்தான் முதலில் அடைக்கும். ஈரச்சுவர், உங்கள் வீட்டிலும் வெந்நீர்தான் முதலில் மெலிந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈரச்சுவர்:
ஆமாம், அப்படியேதான். பச்சைத் தண்ணீரில் ஒரு வாளி நிறைவதற்குள் வெந்நீரில் கால் வாளிகூட வராது. காலையில் முதலில் வருவது டீ நிறத்தில் இருக்கும். பிளம்பர் ஒரு எல்போவை அறுத்துக் காட்டினார், உள்ளே பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது.

பழையகுழாய்:
அது தண்ணீரின் குற்றம், குழாயின் குற்றம் இல்லை. எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர், 30 வருஷத்து ஜிஐ இன்னும் ஓடுகிறது. அதோடு, கீசர் பக்கத்தில் பிளாஸ்டிக் வெடித்ததை நானே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீர்மட்டம்:
நீங்கள் பார்த்தது பொய்யில்லை. நானும் நிறைய பார்த்திருக்கிறேன், ஆனால் எந்த இடத்தில் வெடித்தது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்த வரையில் குழாயின் நடுவில் வெடிப்பது அபூர்வம். கீசரை ஒட்டிய முதல் ஒரு மீட்டரில்தான் பெரும்பாலான பிரச்சினை, அதிலும் இரண்டு இடம்.

முதல் இடம் மரை. கீசரில் இருப்பது உலோக ஆண் மரை. அதில் பிளாஸ்டிக் பெண் மரையை வைத்து ரெஞ்சால் முறுக்கினால் பிளாஸ்டிக் உள்ளிருந்து விரியப் பார்க்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சூடு ஏறி இறங்கி, சில மாதம் கழித்து நீளவாக்கில் முடி மாதிரி ஒரு கோடு விழும், அதிலிருந்து கசியும். அந்த இடத்தில் பித்தளை மரை உள்ளே வைத்து வார்த்த ஃபிட்டிங்தான் போட வேண்டும். சணலும் பெயிண்டும் வேண்டாம், டெஃப்லான் டேப் மட்டும் போதும், ஏனென்றால் பெயிண்டில் இருக்கும் எண்ணெய் சிபிவிசியை வெடிக்க வைக்கும். ஜிஐ வேலையில் கை பழகியவர்கள் சிபிவிசியில் செய்யும் பெரிய தவறே இதுதான்.

இரண்டாவது இடத்தை யாரும் யோசிப்பதில்லை. அது கீசருக்குள் வரும் பச்சைத் தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் கீசருக்குக் கீழே சுவர் ஊறிக்கொண்டே இருந்தது. வெந்நீர் லைன் என்று நினைத்து டைல்ஸை உடைத்துப் பார்த்தார்கள், அது சுத்தமாக இருந்தது. கசிந்தது பச்சைத் தண்ணீர் லைனின் யுபிவிசி எல்போ. அதன் பசை ஜாயிண்ட் லேசாக விலகி, குழாய் கொஞ்சம் தொய்ந்தே போயிருந்தது.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65க்குச் சூடாகும்போது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விரியும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது போவதற்கு ஒரே வழி, வந்த வழி. முக்கால் இஞ்ச் யுபிவிசியில் அவ்வளவு தண்ணீர் ஒரு மீட்டருக்கு மேல் நிரம்பி நிற்கும். கீசரின் அடியில் இருக்கும் தண்ணீர்தான் முதலில் வெளியே வரும், அது மேலே இருப்பது அளவுக்குச் சூடாக இருக்காது. ஆனால் தினமும் இரண்டு வேளை அந்த எல்போ சூடாகி ஆறினால் போதும். தொட்டி காலியாக இருக்கும் நேரத்தில், வெந்நீர்க் குழாயும் திறந்திருந்து, கீழ்மாடியில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் இன்னும் மோசம். கீசரில் இருக்கும் முழு வெந்நீரும் அந்த யுபிவிசி வழியாகவே இறங்கும்.

கூரைமேல்:
என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் சிபிவிசி வேண்டாம் என்று வீடு முழுக்க பிபிஆர் போட்டேன், பசையே கிடையாது, சூடு வைத்து உருக்கி ஒட்டுவார்கள், ஜாயிண்ட் குழாயோடு ஒன்றாகிவிடும். ஐந்து வருஷமாக ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஒரே ஒரு குளியலறையில் மட்டும் முதல் நாளிலிருந்தே வெந்நீர் மெலிசாக வந்தது. குழாயை மாற்றினேன், கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் குழாய் கிளை பிரியும் ஒரு டீ ஜாயிண்டை அறுத்துப் பார்த்தால், உருகிய பிளாஸ்டிக் உள்பக்கம் வளையம் மாதிரி சுருண்டு பாதி வழியை மூடியிருந்தது.

நீர்மட்டம்:
அதிக நேரம் சூடு வைத்துவிட்டார்கள், இல்லை ரொம்ப ஆழமாக அமுக்கிவிட்டார்கள். 20 மி.மீ. குழாய்க்கு 260 டிகிரி கருவியில் 5 நொடிதான் கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் அழகான ஜாயிண்ட் மாதிரியே இருக்கும், உள்ளே என்ன ஆனது என்று தெரியாது. கை நல்ல கையாக இருந்தால் பிபிஆர் நல்ல சாமான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அது சூட்டில் நிறைய நீளும். 4 மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் பிபிஆர் 24 மி.மீ. நீளும், சிபிவிசி 10 மி.மீ. போல, ஜிஐ 2 மி.மீ. மட்டுமே. வெளியே ஓடும் லைனில் கிளாம்பை இறுக்கிப் பிடித்துவிட்டால் குழாய் பாம்பு மாதிரி வளைந்து நிற்பது இதனால்தான்.

கூரைமேல்:
கை நல்ல கையாக வேண்டும் என்றால் சிபிவிசிக்கும் அதே கதைதானே? யுபிவிசி பசையைத் தடவி ஒட்டிவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். பிபிஆரில் அந்தத் தவறுக்கு வழியே இல்லை. கசிவு வேண்டுமா, மெலிசாக வருவது வேண்டுமா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், சுவர் உடைக்க வேண்டியதில்லை.

நீர்மட்டம்:
பசை விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். டின்னில் சிபிவிசிக்கு என்று எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்காரரே நின்று பார்ப்பது நல்லது.

பழையகுழாய்:
சரி, வரும் குழாய் சூடாகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அங்கே ஜிஐ போட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே? மொட்டைமாடியில் வெயிலில் கிடக்கும் லைனுக்கும் ஜிஐதான் என்று நான் சொல்வேன்.

நீர்மட்டம்:
கீசரை ஒட்டி ஒரு ஜாண் நீளத்துக்கு உலோகத் துண்டு போட்டு, அதன் பிறகு சிபிவிசிக்கு மாறுவது நல்ல பழக்கம்தான், இரண்டு பக்கமும் அப்படிச் செய்யலாம். ஆனால் அந்தத் துண்டு மரையில் கழற்றக்கூடியதாக வெளியே இருக்கட்டும், சுவருக்குள் போகக் கூடாது, என்றைக்கானாலும் அதை மாற்றத்தான் வேண்டியிருக்கும். மாடி லைனைப் பொறுத்தவரை, வெயில் படாமல் பெயிண்ட் அடித்த யுபிவிசி எனக்குப் போதும், உங்களுக்கு ஜிஐ. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன், அண்ணா.

ஈரச்சுவர், உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கீசரின் உள்வரும் பக்கம் பின்னோக்கி விடாத வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். சில கீசரோடு வரும் பாதுகாப்பு வால்விலேயே அது இருக்கும். அது இருந்தால் விரியும் தண்ணீர் திரும்பிப் போகாது, வால்வின் பக்கவாட்டு வாயிலிருந்து சொட்டும். அந்தச் சொட்டைக் கசிவு என்று நினைத்து யாராவது அடைத்துவிடுவார்கள், அடைக்கவே கூடாது, ஒரு சின்ன ஹோஸ் மாட்டித் தரைக்கு இறக்கிவிடுங்கள். வால்வு இல்லையென்றால் கீசரைப் போட்டு, எந்தக் குழாயையும் திறக்காமல், அரை மணி நேரம் கழித்து உள்வரும் குழாயில் மேலிருந்து கீழாகக் கை வைத்துப் பாருங்கள்.

ஈரச்சுவர்:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். வால்வு இல்லை. கீசருக்கு அடியில் கை வைக்கவே முடியவில்லை, இரண்டு ஜாண் கீழேயும் நல்ல வெதுவெதுப்பு, சுவருக்குள் நுழையும் இடம் வரைக்கும் தெரிகிறது.

நீர்மட்டம்:
இப்போது இருப்பது இரும்பு என்பதால் சூடு குழாய் வழியாகவும் இறங்கியிருக்கும். ஆனாலும் அந்த இடத்தில் யுபிவிசி வேண்டாம். குளியலறைக்குள் பச்சைத் தண்ணீர் பிரியும் டீயிலிருந்து கீசர் வரை சிபிவிசி, அங்கிருந்து வெளியேறும் லைனும் சிபிவிசி, கீசர் வாயில் பித்தளை மரை. டீக்கு முன்னால் தொட்டி வரைக்கும் யுபிவிசி போட உங்கள் முதல் பிளம்பர் சொன்னதே போதும்.

ஈரச்சுவர்:
டீயிலிருந்து கீசர் வரை மூன்று மீட்டர்கூட இருக்காது, அதை சிபிவிசியாக்குவதில் எனக்குச் சிரமம் இல்லை. பிபிஆர் வேலை தெரிந்த ஆள் இங்கே கிடைத்தால் மட்டும் கூரைமேல் சொன்னதை யோசிப்பேன். சுவரை மூடும் முன்னால் எவ்வளவு நேரம் தண்ணீரை அடைத்து வைத்துப் பார்க்க வேண்டும்?

பழையகுழாய்:
அதில் நான் சொல்கிறேன், எந்தக் குழாயானாலும் பொருந்தும். ஒட்டிய அன்றைக்கே தண்ணீர் விடாதீர்கள், பசை காயட்டும். மறுநாள் கைப் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் பூசவே பூசாதீர்கள். மாடித் தொட்டித் தண்ணீரை மட்டும் விட்டுப் பார்ப்பது போதாது.