சிங்கிங் ஃபண்ட் கணக்கில் 1,028 ரூபாய் இடிக்கிறது

பாளையங்கோட்டையில் பி.காம். படிக்கிறேன். திங்கட்கிழமை பரீட்சை. ஒரே கணக்கில் இரண்டு நாளாக நிற்கிறேன்.

1,00,000 ரூபாய் டிபென்ச்சரை 3 வருடம் கழித்துத் திருப்பித் தர வேண்டும். வட்டி 5%. வருடா வருடம் லாபத்திலிருந்து 31,721 ஒதுக்கி, அதை வட்டியோடு சேர்த்து முதலீடு செய்தேன். இரண்டாம் வருடக் கடைசியில் முதலீடு 65,028. மூன்றாம் வருடம் 3,251 வட்டியும் 31,721 ஒதுக்கீடும் சேர, ஃபண்ட் சரியாக 1,00,000.

கடைசி வருடமும் முதலீடு வாங்கியதாக முதலில் எழுதிவிட்டேன். உடனே விற்கப்போகிறவன் எதற்கு வாங்க வேண்டும் என்று உறைத்ததும் அடித்துவிட்டேன். முதலீடு 64,000-க்குத்தான் விற்றது. நஷ்டம் 1,028-ஐ லாப நஷ்டக் கணக்கில் போட்டு, பொது ஒதுக்குக்கு முழு 1,00,000 மாற்றினேன். புத்தக விடையோ 98,972. கூட்டலை மூன்று தடவை பார்த்தாயிற்று.

அப்படியென்றால், விற்பனை நஷ்டத்தைச் சிங்கிங் ஃபண்ட் கணக்கிலேயே பற்று வைத்துவிட்டு மீதியைத்தான் பொது ஒதுக்குக்கு மாற்ற வேண்டுமா?