பள்ளிக்கூடத் தெரு மேற்படம்: எந்த வீட்டில் என்ன கூரை?

ஊரிலிருந்து, சங்கச் செயலாளர்:

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை மாற்ற உதவி கேட்ட வீடுகள் பள்ளிக்கூடத் தெருவில்தான் அதிகம். கஜாவில் ஓடு பறந்த பிறகு ஆளுக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். சிமெண்ட் ஷீட் வீடுகளுக்கும் துருப்பிடித்த தகர வீடுகளுக்கும் முதல் சுற்றில் கொடுப்பதாகப் பேச்சு. எது எது என்று பிரித்துக் கொடுத்தால் அடுத்த வாரக் கூட்டத்தில் வைத்துவிடலாம்.

சிங்கப்பூரிலிருந்து, கீழத்தெரு:

இதில் என்ன கஷ்டம்? சிவப்பு என்றால் ஓடு, சாம்பல் என்றால் சிமெண்ட், நீலமும் பச்சையும் கலர் ஷீட், வெள்ளையாகப் பளபளத்தால் பாலிகார்பனேட். எண்ணிவிட்டேன்: ஓடு ஆறு, சிமெண்ட் ஒன்பது, கலர் ஷீட் நான்கு, பாலிகார்பனேட் இரண்டு. செயலாளர் பட்டியலை அச்சடித்துவிடலாம்.

மஸ்கட்டிலிருந்து, மேலத்தெரு:

தம்பி சொல்வது பாதிக்குமேல் சரியாக வரும். ஆனால் பணம் கொடுக்கும் பட்டியலுக்கு நிறத்தை நம்ப முடியாது. நான் ஷீட் ஏற்றும் வேலையிலேயே இருப்பவன், அதனால் சொல்கிறேன். சிமெண்ட் ஷீட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பவர்கள் உண்டு. வெயில் தாங்காமல் வெள்ளை அடித்துவிட்டால் அதுவே படத்தில் பளபளக்கும். மங்கிய தகரமும் சிமெண்டும் தொட்டி உயரத்திலிருந்து ஒரே சாம்பல்தான்.

நிறத்தை விட்டுவிட்டு வரிகளை எண்ணுங்கள். சிமெண்ட் ஷீட்டில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 146 மில்லிமீட்டர், அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய ஏழு மேடு. பழைய நெளிதகரத்தில் அந்த இடைவெளி இதில் பாதிதான், ஒரு மீட்டருக்குப் பதின்மூன்று வரும். கலர் ஷீட்டில் மேடுகள் தள்ளித் தள்ளி நிற்கும், நான்கோ ஐந்தோ. நடுவில் தட்டையாக இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும், ஆனால் சிமெண்ட்டோடு குழம்பாது.

படத்தில் வேப்பமரத்துக்கு வலப்பக்கம் இருக்கும் வீட்டையே எடுத்துக்கொள்வோம். தம்பி அதைச் சிமெண்ட் என்று போட்டிருக்கிறார். அந்த வீட்டின் முன்பக்க அகலம் எத்தனை அடி?

செயலாளர்:

இப்போதுதான் டேப் பிடித்துப் பார்த்தேன் மாமா. கூரையின் விளிம்பு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 16 அடி.

மஸ்கட், மேலத்தெரு:

16 அடி என்றால் 4.88 மீட்டர். சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் தாழ்வார விளிம்பில் 33 மேடு வர வேண்டும். தகரமாக இருந்தால் 64 பக்கம். படத்தைப் பெரிதாக்கி விளிம்போடு எண்ணினேன். இடப்பக்கம் மரக்கிளை மறைக்கும் இடத்தைத் தவிர்த்து முக்கால்வாசி அகலத்தில் 47 வருகிறது. முழுசுக்கும் கணக்குப் போட்டால் 63. ஆக அது மங்கிப்போன தகரம். ஸ்க்ரூ வரிசைக்குக் கீழே செம்மண் நிறத்தில் மெல்லிய கோடுகள் வழிந்திருப்பதும் தெரியும், அது துரு. சிமெண்ட் ஷீட்டில் மேலே கருப்புப் பாசிதான் படியும். அதிலும் ஜே போல்ட்டிலிருந்து லேசாகத் துரு வழியும், ஆகவே துருவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

படம் சாய்வாக எடுக்கப்பட்டதால் அளவு பார்த்தால் ஏமாற்றும், எண்ணிக்கை ஏமாற்றாது.

அப்புறம் தெருக்கோடியில் இருக்கும் சிவப்பு வீடு. அது ஓடில்லை. மங்களூர் ஓடு வேய்ந்த கூரையில் வரிசை கொஞ்சமாவது நெளியும். உடைந்ததை மாற்றிய இடத்தில் ஓர் ஓடு மட்டும் வேறு நிறத்தில் துருத்தும், முகட்டு ஓட்டுக்கு அடியில் சாந்துப் பூச்சு வெள்ளையாகத் தெரியும். இதில் வரிசை எல்லாம் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை சுமார் மீட்டருக்கு ஒரு மூட்டு ஓடுகிறது. ஓடு மாடலில் அழுத்திய கலர் ஷீட் அது.

மெல்போர்னிலிருந்து, பெருமாள் கோயில் தெரு:

எல்லாருக்கும் வணக்கம். சிமெண்ட் ஷீட் என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா இல்லையா? இங்கே 2003 முடிவோடு முழுத் தடை. பழைய ஷீட்டைக் கழற்ற உடை, முகமூடி எல்லாம் போட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். ஊரில் சுத்தியலால் உடைத்துத் தென்னந்தோப்பில் கொட்டுகிறார்கள். படத்தில் பார்த்து ஆஸ்பெஸ்டாஸ் உள்ளதை மட்டும் பிரிக்க முடியுமா?

மஸ்கட், மேலத்தெரு:

முடியாது அக்கா. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் அதே நெளிவில்தான் வருகிறது, மேலே நின்று பார்த்தாலும் தெரியாது. ஷீட்டின் மேல் அச்சு எழுத்து மிஞ்சியிருந்தால் படிக்கலாம், பழையதில் பெரும்பாலும் அழிந்திருக்கும். பழைய சாம்பல் ஷீட் என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நனைத்து, உடைக்காமல், போல்ட்டை அறுத்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள். எங்கே புதைப்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

குவைத்திலிருந்து, பள்ளிக்கூடத் தெரு:

படத்தில் மூன்றாவது வீடு எங்கள் வீடுதான். முன்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் போன வருஷம் பாலிகார்பனேட் போட்டேன், அதற்குள் மஞ்சளாகிவிட்டது. கடைக்காரர் பத்து வருஷம் தாங்கும் என்றார். அதற்கும் சங்கத்தில் ஏதாவது உண்டா?

சிங்கப்பூர், கீழத்தெரு:

அண்ணே, அதை நான் வெள்ளை அடித்த ஷீட் என்று நினைத்தேன். பாலிகார்பனேட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மஸ்கட், மேலத்தெரு:

தரையில் விழும் நிழலைப் பாருங்கள். ஓடு, சிமெண்ட், தகரம் மூன்றுக்கும் நிழல் ஒரே கருப்பாக விழும். இந்த வீட்டு வாசலில் நிழல் வெளிறிக் கிடக்கிறது, நிற்கும் வண்டியின் நிறம்கூடத் தெரிகிறது. ஷீட்டின் வழியே அடியில் இருக்கும் இரும்புச் சட்டங்களும் குறுக்கே கோடாகத் தெரிகின்றன. தட்டையாக, மேடு இல்லாமல், அலுமினியப் பட்டையால் இணைத்திருப்பதால் பாலிகார்பனேட் என்று சொல்லலாம். நெளிவாக இருந்திருந்தால் ஃபைபர் ஷீட்டா பாலிகார்பனேட்டா என்று படத்தை வைத்துச் சொல்லியிருக்க மாட்டேன். குவைத் மாப்பிள்ளைக்கு: வெயில் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அதைத் தலைகீழாகப் போட்டிருந்தால் சீக்கிரம் மஞ்சளாகும். மிச்சத் துண்டில் ஒட்டுக்காகிதம் இருந்தால் எந்தப் பக்கம் மேலே என்று எழுதியிருக்கும்.

செயலாளருக்கு: தொட்டியில் இன்னொரு முறை ஏறும்போது காலை ஏழரைக்குள் எடுங்கள். வெயில் சாய்வாக இருந்தால்தான் மேட்டின் நிழல் பள்ளத்தில் விழுந்து எண்ண முடியும். இந்தப் படம் உச்சிவெயிலில் எடுத்ததால் நான்கு வீடுகளை என்னால் எண்ணவே முடியவில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருக்கிவிடும்.

செயலாளர்:

சரி மாமா. மறைவாக இருக்கும் இரண்டு வீட்டுக்கு நானே ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்துவிடவா?

மஸ்கட், மேலத்தெரு:

ஏணியில் நின்று விளிம்பைப் பாருங்கள், போதும். ஷீட்டின் மேல் காலை வைக்காதீர்கள். சிமெண்ட் ஷீட் பழசானால் சத்தமே இல்லாமல் உடையும், ஆள் நேரே கீழேதான். விளிம்பில் தடிமன் தெரிந்தால் அங்கேயே முடிவு வந்துவிடும்: சிமெண்ட் 6 மில்லிமீட்டர், தகரம் காகிதம் மாதிரி.

மெல்போர்ன், பெருமாள் கோயில் தெரு:

தகரத்துக்கும் சிமெண்ட்டுக்கும் ஒரே தொகை என்றால் எனக்குச் சம்மதமில்லை. சிமெண்ட்டை இறக்கும் கூலியையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் இதை முதலில் எடுங்கள்.